பொறுப்பை மாத்திக் கொடுக்கும்போது சாவிக்கொத்து மட்டும் போதாது



ஆண்டுக்கூட்டம் முடிஞ்சது. புது நிர்வாகம் வந்தாச்சு. நம்ம அன்னதானம், உபயப் பொறுப்பும் இந்த மாதம் கைமாறுது. அதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறோம், பொறுமையா படிங்க.

சில வருஷத்துக்கு முன்னால இதே பொறுப்பு ஒரு தடவை கைமாறுச்சு. அப்போ பார்த்துக்கிட்டிருந்த பெரியவர் உடம்புக்கு முடியாம ஜொகூருக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டார். போகும்போது சாவிக்கொத்து, ரசீதுப் புத்தகம், ஒரு பள்ளிக்கூட நோட்டு, இவ்வளவையும் மேஜையில வச்சுட்டுப் போனார். நாங்களும் சாமி கும்பிட்டு எடுத்துக்கிட்டோம். எல்லாம் ஒழுங்கா வந்துடுச்சுன்னுதான் நினைச்சோம்.

நவராத்திரி வந்தது. நோட்டுல மூன்றாம் நாள் உபயத்துக்குப் பெயர் இல்லை. ஒரு குடும்பம் வந்து கேட்டாங்க, கொடுத்துட்டோம். அன்னிக்குச் சாயந்திரம் ஒரு பாட்டி அம்மனுக்குப் புடவை, பூ, பழத்தட்டோட வந்து நின்னாங்க. கணவர் தவறின வருஷத்துல இருந்து அந்த நாள் அவங்க உபயம். அவங்க பதிய வர்றது கிடையாது. ஒவ்வொரு வருஷமும் பெரியவர்தான் ஆவணி மாதம் போன் போட்டு ஞாபகப்படுத்துவாராம். அந்தப் பழக்கம் அவர் மனசுக்குள்ளதான் இருந்தது, நோட்டுல இல்லை. பாட்டி சண்டை போடல. புடவையைக் குருக்கள் கையில கொடுத்துட்டுப் போனவங்க, அதுக்கப்புறம் இரண்டு வருஷம் நம்ம கோயில் பக்கமே வரல.

அந்தத் தப்பு பெரியவர் மேல இல்லை. கேட்டு எழுதி வாங்காதது நாங்க.

இத்தனைக்கும் தொழிற்சாலையில நாங்க தினமும் செய்யுற வேலைதான் இது. இரவு ஷிப்ட் போறவங்க, காலை ஷிப்ட் வர்றவங்களுக்குப் புத்தகத்துல எழுதி வைக்கணும். புதுசா வர்ற பையன் “7-ஆம் மிஷின் சரியில்லை”ன்னு எழுதுவான். அதை வச்சு என்ன செய்யுறது? “7-ஆம் மிஷின் சூடு ஏறுது, நிறுத்தி வச்சிருக்கோம், டெக்னிஷியன்கிட்ட சொல்லியாச்சு, 9 மணிக்கு வருவார், அதுவரைக்கும் ஓட்டாதீங்க”ன்னு எழுதணும். இப்போ என்ன நிலைமை, அடுத்து என்ன செய்யணும், யார் கையில இருக்கு, எப்போ முடியணும். இந்த நாலும் இருந்தாத்தான் மீதி வேலையைப் படிக்கிறவன் எடுத்துச் செய்ய முடியும்.

கோயில்லயும் அப்படித்தான். அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் பந்தல், நாற்காலிக்கு 500 வெள்ளி முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தது. நோட்டுல “பந்தல் – சொல்லியாச்சு”ன்னு ஒரே ஒரு வரி. யார்கிட்ட சொன்னது, எவ்வளவு கட்டினது, ரசீது எங்கே, எதுவும் இல்லை. நாங்க வேற ஆளை ஏற்பாடு பண்ணிட்டோம். திருவிழா அன்னிக்குக் காலையில இரண்டு லாரி வந்து நின்னது. இப்போ அதே விஷயத்தை எப்படி எழுதுறோம்னா: “பந்தல் 4, நாற்காலி 200. முன்பணம் 500 கட்டியாச்சு, ரசீது சிவப்பு ஃபைல்ல. பாக்கிப் பணம் திருவிழா அன்னிக்கு. ஒரு வாரம் முன்னால பொருளாளர் போன் பண்ணி நேரத்தை உறுதி செய்யணும்.”

அடுத்தது சாவி. சாவின்னா இந்தக் காலத்துல இரும்புச் சாவி மட்டும் இல்லை. சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள ஆண்டறிக்கை கொடுத்தாகணும். அதை இணையத்துல, eROSES வழியா அனுப்புறோம். நாங்க உள்ள போகப் பார்த்தப்போ கணக்கு பழைய செயலாளரோட சொந்த ஈமெயில்ல இருந்தது. அவர் அந்த ஈமெயிலையே மறந்துட்டார். பேங்குலயும் அதே கதை. கையெழுத்துப் போடுறவங்க பெயரை மாத்துற வரைக்கும் பழைய கையெழுத்துதான் செல்லும். அதை மாத்தக் கூட்டத் தீர்மானம் வேணும், பாரத்துல கையெழுத்து வேணும், ஆனா ஆள் ஊர்ல இல்லை. சமையல் அக்காவுக்கு அந்த மாதச் சம்பளத்தை நாங்க கைக்காசு போட்டுக் கொடுத்தோம்.

அதனால இப்போ ஒரு பட்டியல் வச்சிருக்கோம்: பேங்க், eROSES, கேமரா, மண்டப முன்பதிவு, வாட்ஸ்அப் குழு, நகைப் பெட்டி. ஒவ்வொண்ணும் யார் பெயர்ல இருக்கு, எந்தத் தொலைபேசி எண்ணுக்கு ஓடிபி வருதுன்னு அதுல இருக்கும். பாஸ்வேர்டு அந்தப் பட்டியல்ல இருக்காது. அது ஒட்டின உறையில, இரும்புப் பெட்டிக்குள்ள. பொறுப்பு மாறின அன்னிக்கே பாஸ்வேர்டையும் மாத்திடணும். கோயிலுக்குன்னு தனி எண் வாங்கியிருக்கோம். அது பிரிபெய்டு. பணம் போடாம விட்டா எண்ணே போயிடும், அதனால யார் போடணும்னும் எழுதியிருக்கு.

ஒரு விஷயம் சொன்னா சில பேருக்குச் சங்கடமா இருக்கும். புது ஆளுக்கு வழி திறந்தா மட்டும் போதாது, பழைய ஆளுக்கு மூடணும். அது அவரைச் சந்தேகப்படுறது ஆகாது. நாளைக்கு நகைக் கணக்குல ஒரு குறை வந்தா, சாவி தன்கிட்ட இல்லைன்னு அவர் தைரியமா சொல்லலாம் பாருங்க.

மூணாவதுதான் ரொம்பக் கஷ்டம். ஏன் இப்படிச் செய்யுறோம்கிறதை எழுதி வைக்கிறது. சமையற்கட்டுல பால் வைக்கிற ஃபிரிஜ் கதவோரம் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கும். புதுசா வந்த தம்பிங்க நல்ல எண்ணத்துலதான் அதை நகர்த்தி, கிரைண்டர் பக்கத்துப் பிளக்குல மாட்டினாங்க. அந்த இரண்டும் ஒரே லைன்ல ஓடினா டிரிப் ஆகும். ராத்திரி மாவு அரைச்சப்போ டிரிப் ஆச்சு. வேலை முடிஞ்ச நேரம், யாரும் கவனிக்கல. விடியக்காலை அபிஷேகத்துக்கு எடுத்த பால் முழுக்கத் திரிஞ்சு போயிருந்தது. “நகர்த்தாதீர்கள்”னு ஒட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை, காரணம் தெரியாத விதியை யாராவது ஒரு நாள் மீறுவாங்க. இப்போ “கிரைண்டரும் இதுவும் ஒரே லைன், சேர்ந்து போட்டால் டிரிப் ஆகும்”னு ஒட்டியிருக்கோம். யாரும் தொடுறது இல்லை.

எல்லாத்தையும் எழுத முடியாதுங்கிறதும் உண்மை. 300 பேர் சாம்பாருக்கு எப்போ உப்புப் போதும்னு எந்த நோட்டுலயும் எழுத வராது. அதுக்குத்தான் இந்தத் தடவை நாலு சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து நிக்கிறாங்க. முதல் இரண்டு வாரம் பழையவர் செய்வார், புதியவர் பார்ப்பார். அடுத்த இரண்டு வாரம் புதியவர் நோட்டை மட்டும் பார்த்துச் செய்வார், பழையவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். புதியவர் எந்த இடத்துல திரும்பி “அண்ணே, இது எப்படி?”ன்னு கேட்கிறாரோ, அந்த இடம் நோட்டுல விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே எழுதிடணும். போன வாரம் மட்டும் பதினோரு தடவை கேட்டார். எங்களுக்கே கொஞ்சம் வெட்கமா போச்சு.

உபயப் பக்கத்தையும் இப்போ புதுசா எழுதுறோம். மூன்றாம் நாளுக்கு நேரா பாட்டி குடும்பத்துப் பெயர், “பதிய வர மாட்டார்கள், ஆவணியில் நாம்தான் அழைக்க வேண்டும், கணவர் நினைவாகச் செய்வது”ன்னு எழுதியாச்சு. பாட்டியை நாங்க வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வந்தோம், அது வேற கதை. இந்த மாதிரி வழக்கமா செய்யுற குடும்பங்கள் இன்னும் இருப்பீங்க. இந்தச் சனிக்கிழமை சாயந்திரப் பூஜை முடிஞ்சதும் அலுவலகத்துல இரண்டு பேரும் நீல நோட்டோட உட்கார்ந்திருப்பாங்க. எந்த நாள், யார் நினைவா, யாருக்குப் போன் போடணும்னு வந்து சொல்லிட்டுப் போங்க. வர முடியாத பெரியவங்க இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாலும் போதும், நாங்க வீட்டுக்கு வந்து எழுதிக்கிறோம்.