ஒரு வேட்டி, மூன்று விலை, ஒரு மன்னிப்பு



சென்ற மாதம் நம் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனை நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன். தவறு என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஓசூரில் என் தங்கை மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. மாமன் முறைக்கு ஆறு வேட்டி எடுக்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கம்பெனியின் எட்டு முழ வேட்டி. பெயர் வேண்டாம். மாணவன் ஒன்றுக்கு 780 ரூபாய் சொன்னான். பேத்தி செல்போனில் காட்டியபோது அதே கம்பெனி, அதே படம், 729 ரூபாய். "வாத்தியார்கிட்டயே 51 ரூபாய் கூட வைக்கிறியாடா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவன் "சார், நீளத்தைப் பாத்துட்டு வாங்குங்க" என்று மட்டும் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

ஆர்டர் போடும்போதுதான் தெரிந்தது, 729 என்பது ஒரு குறிப்பிட்ட வங்கியின் கார்டு வைத்திருந்தால் மட்டும். எனக்கு 769. கடைசிப் பக்கத்தில் தளக் கட்டணம் 7 ரூபாய், பொருள் வந்தபின் பணம் கொடுப்பதற்கு 10 ரூபாய் சேர்ந்தது. ஆறுக்கு மொத்தம் 4,631. கடையில் 4,680. ஆக லாபம் 49 ரூபாய்தான். இப்படி முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் கட்டணங்களை ஏற்றுவதை, 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் நியாயமற்ற வணிக உத்திகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன.

பார்சல் நேரே ஓசூருக்குப் போனது. விழா வரை யாரும் பிரிக்கவில்லை. விழாவன்று மாப்பிள்ளை கட்டிப் பார்த்தால் கொசுவத்துக்குத் துணி போதவில்லை. லேபிளில் 3.60 மீட்டர் என்று இருந்தது. விற்பனைப் பக்கத்திலும் கீழே சின்ன எழுத்தில் அதுவே இருந்தது, பார்க்காதது நான்தான். திருப்பி அனுப்பும் ஏழு நாளும் முடிந்துபோயிருந்தது.

ஊருக்கு வந்ததும் மாணவன் கடைக்குப் போய் அவன் காட்டிய வேட்டியின் லேபிளைப் பார்த்தேன். 4.00 மீட்டர். எட்டு முழம் என்று இரண்டையும் சொல்கிறார்கள். ஆனால் துணி வேறு. அங்கேயே கணக்குப் போட்டேன். கடை வேட்டி மீட்டருக்கு 195 ரூபாய். ஆன்லைன் வேட்டி, கட்டணங்களோடு, மீட்டருக்கு 214 ரூபாய். மலிவு என்று நினைத்ததுதான் விலை அதிகம்.

"அப்போ நம்ம ஊர் மொத்தக் கடையில எடுத்திருக்கலாமே?" என்று தங்கை கேட்டாள். கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வியாபாரிகள் வரும் ஊர் நம் பர்கூர். அங்கும் போய் விசாரித்தேன். அதே நாலு மீட்டர் வேட்டி 640 ரூபாய். ஆனால் அந்த விலைக்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி தனி, ஆக 672. லேபிளில் அச்சடித்த எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். மொத்த விலையில் அப்படி இல்லை. வாங்கிப்போய் விற்கும் வியாபாரி அந்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். நமக்கு அது செலவுதான்.

அடுத்தது, பத்து வேட்டி கட்டாகத்தான் கொடுப்பார்கள். கரையை நாம் பொறுக்க முடியாது, மாற்றியும் தரமாட்டார்கள். பத்துக்கு 6,720 ரூபாய். எனக்குத் தேவை ஆறு. மீதி நாலு பீரோவில் கிடந்தால், கட்டிய ஒவ்வொரு வேட்டியும் 1,120 ரூபாய்க்கு வாங்கியதாக ஆகிவிடும். பத்தும் செலவானால் மீட்டர் 168 ரூபாய். அதற்கு மேல் மலிவு எங்கும் இல்லை. எனவே விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு வீடு சேர்ந்து ஒரு கட்டு எடுங்கள். ஒன்றிரண்டு வேண்டுமென்றால் தெருக்கடைதான் சரி. பிடிக்காவிட்டால் மறுநாள் மாற்றிக்கொண்டு வரலாம்.

இனி எதை ஒப்பிட்டாலும் பெயரையும் படத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். லேபிளில் உள்ள ரகப் பெயர், நீளம் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தை, உண்மையில் பயன்படும் மீட்டரால் வகுங்கள். ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த வகுத்தல்தான். நானே போடாமல் விட்டேன்.

அந்த மாணவனிடம் அதே கடையில், அன்று இருந்த வேலையாட்கள் முன்னாலேயே வருத்தம் சொன்னேன். "விடுங்க சார்" என்று டீ வாங்கிவரச் சொன்னான். நாலு பேர் முன்னால் திட்டியதை நானூறு பேர் முன்னால் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றியது. பெற்றுக்கொண்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், பர்கூர்