கப்பலுக்கா, ஒயில் ரிக்குக்கா? பணம் கட்ட முன் கொஞ்சம் வாசியுங்கள்

"ஒரு சேப்டி சேர்ட்டிபிகேட் எடுத்தால் போதும் சேர், கப்பலுக்கும் போகலாம், ஒயில் ரிக்குக்கும் போகலாம்." ஏ.எல். முடித்த பிள்ளைகள் இப்படிச் சொல்கிறார்கள். அது உண்மையா என்று வாப்பாமார் எங்களிடம் கேட்கிறார்கள். தோப்பூரிலும் மூதூரிலும் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருப்பதால் பொதுவாக எழுதுகிறோம்.

அது ஒன்றல்ல, இரண்டு. கப்பலில் வேலைக்குச் சேர்பவருக்குத் தேவையானது எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சி. கடலில் உயிர் தப்புதல், தீயணைத்தல், முதலுதவி, கப்பலில் பாதுகாப்பாகவும் பொறுப்பாகவும் நடத்தல் என்று நான்கு பகுதிகள் உண்டு. ஹெலிகொப்டரில் ஒயில் ரிக்குக்குப் போகும் தொழிலாளியிடம் பொதுவாகக் கேட்பது பொசியட். அது ஒப்பிட்டோ என்ற அமைப்பின் தரத்தில் நடக்கும் மூன்று நாள் பயிற்சி, நான்கு வருடம் செல்லும். ஒன்றைக் காட்டி மற்றதன் இடத்தில் வேலை எடுக்க முடியாது.

"எங்கள் பிள்ளைக்குக் கடல் தெரியும், நீந்தத் தெரியும், பிறகு எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. கொட்டியாரக் குடாவில் வள்ளம் கவிழ்ந்தால் நீந்திக் கரை சேரலாம். நடுக்கடலில் நீந்திச் சேரக் கரை இல்லை. அங்கே உயிர் காப்பது காற்றடைத்த மிதவைப் படகு. அது அலையில் தலைகீழாக விழுந்தால் ஒரே ஆள் அதை நிமிர்த்த வேண்டும். படகின் ஒரு பக்கத்தில் கேஸ் சிலிண்டர் இருக்கும். அந்தப் பக்கம் காற்று போகும் திசையில் வரும்படி படகைத் திருப்பி, சிலிண்டரில் ஏறி நின்று, அடியில் உள்ள பட்டியைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். எதிர்ப்பக்கத்தைக் காற்றே தூக்கிக் கொடுக்கும். நிமிரும் படகு நம் தலைக்கு மேல்தான் விழும். லைப் ஜெக்கட் போட்டவர் அதற்கடியில் மூழ்கி நீந்த முடியாது. மல்லாந்து, படகின் அடியைக் கையால் தள்ளித் தள்ளி வெளியே வர வேண்டும். எவ்வளவு நல்ல நீச்சல்காரனுக்கும் இது தானாக வராது. அதனால்தான் பயிற்சிக் குளத்தில் ஒவ்வொருவரையும் செய்ய வைக்கிறார்கள்.

பொசியட்டிலும் அப்படித்தான். ஹெலிகொப்டரின் பாரம் மேல்பக்கத்தில் இருப்பதால், கடலில் இறங்கினால் கவிழக்கூடும். பயிற்சியில் அதேபோன்ற கூட்டில் இருத்தி, பெல்ட் போட்டு, தண்ணீருக்குள் புரட்டுவார்கள். ஒரு கை ஜன்னலில், ஒரு கை பெல்ட்டில் இருக்க வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்து, அதற்குப் பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பயத்தில் பெல்ட்டை முதலில் கழற்றியவர் மிதந்து போய், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையே தவற விடுவார்.

தீயணைப்புப் பகுதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு எமது கிழக்குக் கடலே பதில். 2020 செப்டம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து மசகு எண்ணெயோடு இந்தியாவுக்குப் போன நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. தொடங்கியது எண்ணெய்த் தாங்கியில் அல்ல, இயந்திர அறையில். 23 பேரில் ஒருவர் உயிரிழந்தார், மற்ற 22 பேரும் தப்பினர். புகை நிறைந்த அறைக்குள் சுவாசக் கருவி அணிந்து நுழையும் பயிற்சி இப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

இங்கே எமது பிள்ளைகள் முன்கூட்டியே அறிய வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கருவியின் முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் இடைவெளியால் புகை உள்ளே வரும். தாடியோடு இருப்பவர், பயிற்சி நிலையம் என்ன சொல்கிறது என்று பணம் கட்ட முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தீக் கூண்டுக்கு முன்னால் நின்று பேசித் தீர்க்கும் விடயம் அல்ல அது.

கடைசியாக, ஏமாறாமல் இருப்பது எப்படி? கப்பல் பயிற்சி என்றால், அந்த நிலையத்தையும் பாடநெறியையும் கொழும்பிலுள்ள வணிகக் கப்பல் செயலகம் அங்கீகரித்திருக்கிறதா என்று அங்கேயே விசாரியுங்கள். பொசியட் என்றால், நிலையம் ஒப்பிட்டோவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியப் பரிசோதனையை முதலில் முடியுங்கள். அதில் தவறினால் பயிற்சிக்குக் கட்டிய காசு வீண்.

பிறகு ஏஜென்ட்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "குளம் எங்கே இருக்கு? பிள்ளை எந்த நாள் தண்ணியில இறங்குவான்?" தண்ணீரில் இறங்காமல், தீயின் முன் நிற்காமல் இரண்டு நாளில் கையில் தருகிறோம் என்றால் அது வெறும் கடதாசி. பரிசோதிக்கும் துறைமுகத்தில் பிடிபட்டால் வேலை போகும். பிடிபடாமல் கப்பல் ஏறினால், படகு கவிழும் நாளில் பிள்ளை சிலிண்டர் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பான்.

வெளிக்கிட இருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.