முதல் ஸ்கேன் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்



என் மனைவி எட்டாம் மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஒரு மாலை நேரம் ஸ்கேன் நிலையத்திலிருந்து திரும்பினோம். மஃரிப் தொழுதுவிட்டு அறிக்கையை விரித்தேன். மேலே, கர்ப்ப காலம் 33 வாரம் 3 நாள் என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே ஓர் அட்டவணை. பி.பி.டி. 31 வாரம் 5 நாள், எச்.சி. 31 வாரம் 6 நாள்; ஏ.சி. 30 வாரம் 4 நாள், எஃப்.எல். 30 வாரம் 5 நாள். எடை 1,660 கிராம், 2-ஆம் பெர்சன்டைல். கடைசி வரியில், வளர்ச்சிக் குறைவு இருக்கலாம், மருத்துவரை அணுகவும் என்றிருந்தது.

"பிள்ளை மூணு வாரம் பின்தங்கிருக்கா, மச்சான்?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு இருவரும் உறங்கவில்லை. மறுநாள் மகப்பேறு மருத்துவர் எங்களுக்குப் புரியவைத்ததை, முதன்முறையாகப் பெற்றோராகப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த நான்கு எழுத்துச் சுருக்கங்களும் நான்கு அளவுகள்தாம். பி.பி.டி. என்பது தலையின் குறுக்களவு. எச்.சி. தலையின் சுற்றளவு. ஏ.சி. வயிற்றின் சுற்றளவு. எஃப்.எல். தொடை எலும்பின் நீளம். கருவி அளப்பது சென்டிமீட்டரில். எங்கள் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு 26.5 செ.மீ. இந்த அளவு சராசரியாக எத்தனை வாரக் குழந்தைக்கு இருக்கும் என்று கருவிக்குள் இருக்கும் கணக்கு பார்க்கிறது. விடை 30 வாரம் 4 நாள் என்று வருகிறது. அதுவே அச்சாகிறது. ஆகவே அட்டவணையில் உள்ள வாரம் குழந்தையின் வயதன்று, உருவத்தின் அளவு. ஒரே வயதுள்ள இரு பிள்ளைகளில் ஒருவனுக்குச் சட்டை பெரிதாகவும் மற்றவனுக்குச் சிறிதாகவும் தேவைப்படுவதைப் போன்றது இது.

அப்படியானால் வயதை எதைக் கொண்டு அறிவது? மருத்துவர் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் கேட்டது, "உங்கள் முதல் ஸ்கேன் எங்கே?" என்பதைத்தான். நல்ல வேளையாகக் கோப்பில் அது இருந்தது. அந்தத் தாளில் ஒரே ஓர் அளவு: சி.ஆர்.எல்., 16 மி.மீ. கருவின் உச்சி முதல் பிட்டம் வரையுள்ள நீளம் அது. முதல் மூன்று மாதங்களில் எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால், இந்த நீளத்தை வைத்து வயதைச் சில நாள் வேறுபாட்டுக்குள் சொல்லிவிடலாம். 16 மி.மீ. என்றால் 8 வாரம். ஆனால் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் அன்று 9 வாரம் 3 நாள் ஆகியிருந்தது. வேறுபாடு பத்து நாள்.

என் மனைவி குறிப்பிட்ட தேதியில் பிழை இல்லை. தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் நம் பெண்கள் அந்த நாள்களைச் சரியாகக் குறித்து வைப்பவர்கள். பிழை கணக்கின் அடிப்படையில் இருந்தது. மாதவிடாய்த் தேதியிலிருந்து 280 நாள் என்று எண்ணும் முறை, 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஏற்றது. கருமுட்டை 14-ஆம் நாளளவில் வெளிப்படும் என்று அது கொள்கிறது. அவளுடைய சுழற்சி ஏறக்குறைய 38 நாள். முட்டை வெளிப்பட்டதே பத்து நாள் பிந்தி. எட்டு ஒன்பது வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் இவ்வளவு வேறுபாடு தெரிந்தால், அந்த ஸ்கேனின் தேதியையே பிரசவக் கணக்குக்குக் கொள்வார்கள். எங்கள் மருத்துவரும் அப்போதே அப்படித் திருத்தி எழுதியிருந்தார். நாங்கள்தான் அதைக் கவனிக்காமல், ஸ்கேன் நிலையத்தில் கேட்டபோது மாதவிடாய்த் தேதியைச் சொல்லிவிட்டோம்.

எனவே அன்று உண்மையான கர்ப்ப காலம் 32 வாரம். இப்போது பெர்சன்டைலைப் பாருங்கள். ஒரே வயதுடைய நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், சிறியதிலிருந்து எண்ணி நம் குழந்தை எத்தனையாவது என்பதே அதன் பொருள். 33 வாரம் 3 நாள் குழந்தைகளோடு நிறுத்தியதால் 1,660 கிராம் இரண்டாவதாக நின்றது. 32 வாரக் குழந்தைகளோடு நிறுத்தினால் அதே எடை ஏறத்தாழப் பன்னிரண்டாவது. பத்துக்குக் கீழே இருந்தால்தான் சிறிய குழந்தை என்று வகைப்படுத்துவார்கள். குழந்தை மாறவில்லை, தேதி ஒன்று மாறியது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அது இதைவிட ஆபத்தானது. எட்டாம் மாத அட்டவணையில் 30 வாரம் என்று வந்ததைப் பார்த்து, "தேதிதான் தவறு, குழந்தைக்கே 30 வாரம்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் ஸ்கேனில் உறுதி செய்த தேதியைப் பிந்தைய ஸ்கேனைக் கொண்டு மாற்றுவதில்லை. மாற்றினால், உண்மையாகவே வளர்ச்சி குன்றிய குழந்தை வயது குறைந்த குழந்தையாகத் தோன்றி, கவனிக்கப்படாமல் போய்விடும்.

பன்னிரண்டு என்றதும் மருத்துவர் எங்களை அனுப்பிவிடவில்லை. நஞ்சுக்கொடி போதிய உணவைத் தராதபோது குழந்தை இரத்தத்தை மூளைக்குத் திருப்பிக் கொள்ளும். கல்லீரலும் வயிற்றுக் கொழுப்பும் மெலியும். ஆகையால் தலை சரியாக வளர, வயிற்றுச் சுற்றளவு முதலில் பின்தங்கும். எங்கள் அறிக்கையிலும் ஏ.சி.தான் மிகக் குறைவு. அதனால் அவர் மேலும் இரண்டைப் பார்த்தார். தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் இயல்பாக இருந்தது. பனிக்குட நீரின் அளவான ஏ.எஃப்.ஐ. 12 செ.மீ.; 5 முதல் 25 வரை இயல்பு.

"மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுங்கள்" என்றார். அடுத்த வாரமே எடுக்கலாமே என்று கேட்டேன். ஸ்கேன் சொல்லும் எடை தராசில் நிறுத்தது அன்று, அளவுகளிலிருந்து கணித்தது. 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 1,660 என்பது 1,410 ஆகவும் இருக்கலாம், 1,910 ஆகவும் இருக்கலாம். ஒரு வார வளர்ச்சி அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும் என்று விளக்கினார். இடைப்பட்ட நாள்களில் குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றே வந்துவிட வேண்டும் என்றார்.

மூன்று வாரம் கழித்து எடை 2,230 கிராம். மீண்டும் ஏறத்தாழப் பன்னிரண்டாவது இடம். குழந்தை சிறியதுதான், ஆனால் தன் பாதையை விட்டு இறங்கவில்லை. பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கோ மூன்றுக்கோ சரிந்திருந்தால் நிலைமை வேறு.

கடைசி நாள்களில் என் மாமி, "தேதி தாண்டிப் போச்சே வாப்பா" என்று கவலைப்பட்டார். பழைய கணக்கில் தாண்டியிருந்தது. சரியான கணக்கில் 39 வாரம். அந்த வாரத்திலேயே, அல்ஹம்துலில்லாஹ், 2,800 கிராம் எடையில் மகள் பிறந்தாள்.

முதல் ஸ்கேன் தாளைக் கோப்பின் மேலே வைத்திருங்கள். எந்த நிலையத்துக்குப் போனாலும், தேதி கேட்டால் அதைக் காட்டுங்கள்.