பெரியம்மா பேசிய ஒன்றே முக்கால் நிமிடம்

கல்யாண ரிசப்ஷனில் பெண்ணின் அம்மா மைக் பிடிப்பது நம் குடும்பங்களில் அபூர்வம். வரவேற்றுப் பேசுவது அப்பா, சித்தப்பா, தாய்மாமா என யாராவது ஓர் ஆணின் வேலை. அம்மா பட்டுப்புடவை கசங்க, சாப்பாட்டுக் கூடத்துக்கும் மணமகள் அறைக்கும் நடந்துகொண்டிருப்பார்.

என் பெரியப்பா மகள் கல்யாணத்தில் அது மாறியது. பெரியப்பா உயிரோடு இல்லை. "சித்தப்பா பேசட்டும்" என்று என் அப்பாவைக் கைகாட்டினார்கள். அக்காதான், "எங்கம்மா பேசட்டும்" என்று பிடிவாதமாக நின்றாள். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "நீதான் பத்திரிகையில இருக்கியே, நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணு" என்றார்.

கேட்க எளிதான வேலைதான். ஆனால், மண்டபத்தில் உட்காரப்போகும் இரண்டு பேர் மனதில் இரண்டு பழைய கணக்குகள் இருந்தன.

முதல் கணக்கு, பெரியம்மாவின் அண்ணனோடு. அவர்களுடைய அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. அண்ணன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டார். பெரியம்மா போடவில்லை. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா நேரில் போய் பத்திரிகை வைத்ததால் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் முகூர்த்தத்தில் தாய்மாமன் முறையை அவர்தான் செய்ய வேண்டும். ரிசப்ஷனில் மனம் கோணினால், காலையில் அந்த இடம் காலியாக இருக்கும்.

இரண்டாவது, சம்பந்தி வீட்டோடு. நிச்சயதார்த்தத்தன்று மூன்றாவது பந்தியில் சாப்பாடு தட்டுப்பட்டுவிட்டது. காத்திருந்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். அதை அவர்கள் மறக்கவில்லை என்பது அதன்பிறகு வந்த ஒவ்வொரு போனிலும் தெரிந்தது.

பெரியம்மா முதலில் சொன்னதில் இப்படி ஒரு வரி இருந்தது: "பழசையெல்லாம் மறந்து எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க." கேட்க இதமான வரி. டைப் செய்ததைப் படித்துக் காட்டியபோது பெரியம்மாவே நிறுத்தினார். "எதை மறந்துன்னு தெரியாதவன்கூட பக்கத்துல இருக்கறவனைக் கேப்பான்ல?" என்றார். வரி போனது. "எத்தனையோ தடைகளைத் தாண்டி" என்ற வரியும் அதே காரணத்துக்காகப் போனது. மன்னிப்பு, மறதி, தடை, கசப்பு என்று எந்த வார்த்தை வந்தாலும், சண்டைக்கும் ஒரு பத்திரிகை வைத்துக் கூப்பிட்ட மாதிரிதான்.

அடுத்து எடுத்தது, எல்லா மேடையிலும் வரும் வரி: "ஏதாவது குறை இருந்தா பொறுத்துக்கணும்." வேறு கல்யாணத்தில் இது வெறும் மரியாதை. பந்தியில் காத்திருந்தவர்களிடம் சொன்னால், குறையை எண்ணச் சொல்வதாகிவிடும். அதற்குப் பதிலாக, சாப்பாடு எப்போது, என்ன வேண்டுமென்றால் யாரைக் கேட்பது என்று இரண்டு தகவல்கள் வைத்தோம். போன முறை நடந்ததைப் பேசாமல், இந்த முறைக்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

அண்ணன் பற்றிய வரியில்தான் அரைமணி நேரம் போனது. பெயரே சொல்லாவிட்டால் ஒதுக்கியதாகிவிடும். "என் அண்ணன் மாதிரி உண்டா" என்று தூக்கிவைத்தால், ஊருக்கே கதை தெரியும், நடிப்பு என்பார்கள். கடைசியில் பெரியம்மா ஓர் அளவு வைத்துக்கொண்டார். மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு வரி, அதில் நிஜமாக நடந்த ஒரு விஷயம், அவ்வளவுதான். அண்ணனுடைய வரி நடுவில். மற்றவர்களை உறவுமுறை சொல்லி மொத்தமாக வரவேற்பது. பெயர் சொல்ல ஆரம்பித்தால் விடுபட்ட பெயர் புதுச் சண்டையாகும்.

ஒத்திகையில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த வரி வரும்போது பெரியம்மாவின் கண் தானாகக் கூட்டத்தில் யாரையோ தேடியது. மேடையில் அப்படித் தேடினால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். அதனால் அந்த வரியை அக்காவைப் பார்த்துச் சொல்வது என்று முடிவானது.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறியதும், போட்டோவுக்கு வரிசை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். வரிசை நகர ஆரம்பித்துவிட்டால் யார் காதிலும் விழாது. மெல்லிசைக் குழுவின் மைக்தான் என்பதால், எக்கோவை அணைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். செல்போன் திரை நடுவில் அணைந்துவிடும் என்று, பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிக்கொண்டார் பெரியம்மா. அவர் பேசியது இதுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணோட அம்மா. தஞ்சாவூர்ல இருந்து காலையிலேயே கிளம்பி மதுரைக்கு வந்திருக்கற மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க, பிள்ளைங்க எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடுறேன். சம்பந்தியம்மா, போன மாசம் இவளுக்குக் காய்ச்சல்னு கேட்டதும் பஸ்ல கஷாயப்பொடி கொடுத்து விட்டீங்க. அன்னைக்கே என் மனசு நிறைஞ்சு போச்சு.

எங்க பக்கத்துல இவ அத்தைங்க, சித்தப்பா, சித்தி, எங்க அண்ணன், அண்ணி, அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாரும் வந்திருக்கீங்க. உங்க எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் மடியில உக்காந்துதான் இவ காது குத்திக்கிட்டா. பெரிய அத்தை வீட்டுல தங்கித்தான் காலேஜ் முடிச்சா.

இவ அப்பா இருந்திருந்தா வாசல்லயே நின்னு ஒவ்வொருத்தரையும் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பாரு. அவருக்கும் சேர்த்து நான் கூப்பிடுறேன்.

சாப்பாடு ஏழரைக்குத் தொடங்குது. பெரியவங்களும் குழந்தைங்களும் வரிசையில நிக்காம முதல்ல சாப்பிட்டு வந்துருங்க. என்ன வேணும்னாலும் கூடத்து வாசல்ல நிக்கற எங்க கொழுந்தனார்கிட்ட சொல்லுங்க. ரெண்டு பேரையும் மனசார வாழ்த்துங்க. நன்றி."

ஒன்றே முக்கால் நிமிடம். பலத்த கைத்தட்டல் என்றெல்லாம் இல்லை. கொழுந்தனாரான என் அப்பா, பேச்சு முடிந்த நிமிடத்திலிருந்து கூடத்து வாசலை விட்டு அசையவில்லை. சம்பந்தியம்மா அவரிடம் வந்து, "எங்க ஆளுங்க நாப்பது பேர் மொத பந்தியில உக்காரட்டுமா?" என்று கேட்டார். உட்கார்ந்தார்கள். நிச்சயதார்த்தச் சாப்பாட்டுப் பேச்சு அன்றைக்கு எழவில்லை.

தாய்மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்ததும் தங்கையிடம் வரவில்லை, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். காலை ஐந்தரை மணிக்குத் தட்டு, மாலை, பட்டோடு வந்து நின்றார். முறையைச் செய்தார். "மாலை கனமா இருக்கா பாரு" என்று அக்காவிடம் மட்டும் கேட்டார். பெரியம்மா அவருக்கு காபி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்தபிறகு பெரியம்மாவிடம் கேட்டேன், மேடையில் வாயைத் திறக்காதது விட்டுக்கொடுத்தது மாதிரி ஆகாதா என்று. "பங்கு வக்கீல் ஆபீஸ்ல பேச வேண்டியது. அங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். என் பொண்ணு கல்யாண மைக்ல அதுக்கு என்ன வேலை?" என்றார்.

விடுதலைப் பத்திரத்தில் பெரியம்மா இதுவரை கையெழுத்துப் போடவில்லை. பாகப் பிரிவினை பற்றி வக்கீல் மூலம்தான் பேச்சு நடக்கிறது. ஆனால், அக்காவின் தலை தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து சீர் வந்தது. கொண்டுவந்தது அண்ணி. பையில் ஒரு டப்பா அதிரசம் தனியாக இருந்தது. மூடியில் பெரியம்மாவின் பெயர் எழுதியிருந்தது. அது மாமாவின் கையெழுத்து என்று பெரியம்மா சொன்னார்.