பழைய கமராவுக்கு எந்த வயர்?

பழைய கமராவில் சிறைப்பட்டிருக்கும் படங்களைக் கணினிக்கு மாற்றவேண்டுமா? முதலில் அதன் யூ.எஸ்.பி துளையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மினி, மைக்ரோ இரண்டின் செருகிகளும் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் அகலமானவை, தடிப்பில்தான் வேறுபாடு. மினி சுமார் 3 மில்லிமீற்றர். மைக்ரோ 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. மைக்ரோ 2007இல்தான் அறிமுகமானது. ஆகவே 2005ஆம் ஆண்டுக் கமராவில் அதைத் தேடவேண்டியதில்லை. ஆனால் மினியைப் போலவே தோன்றும் 8 முனைத் துளை கொண்ட கமராக்களும் உள்ளன. மினி அதற்குப் பொருந்தாது. திணித்தால் துளைதான் பழுதாகும். அந்தக் கமராவுக்குரிய வயரையே தேடவேண்டும்.

அச்சுப்பொறியில் இத்தொல்லை இல்லை. சதுரத் துளை, மேல் மூலைகள் இரண்டும் சீவப்பட்டிருக்கும்.

கையடக்க வன்தட்டில் மைக்ரோத் துளையோடு இன்னொரு சிறு துளை ஒட்டியிருந்தால் அது யூ.எஸ்.பி 3.0 வகை. அதன் வயர் தொலைந்துவிட்டதா? பழைய கைத்தொலைபேசியின் மைக்ரோ வயரை அகன்ற பகுதியில் செருகுங்கள்; பெரும்பாலும் இயங்கும், வேகம்தான் குறையும். விளக்கு எரிந்தும் கணினியில் வன்தட்டு தென்படவில்லையென்றால், உடனே வன்தட்டைக் குறைசொல்லாதீர்கள். சில வயர்கள் மின்னேற்ற மட்டுமே உதவும்; தரவுக் கம்பிகள் அவற்றுள் இரா. வேறொரு வயரைச் செருகிப் பாருங்கள்.