நூறு விநாடி

வீடு மாற்றும்போது பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியில், கல்லூரி நாட்களின் அப்சர்வேஷன் நோட்டு ஒன்று அகப்பட்டது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்ட எங்கள் இருவருக்கும் பொதுவான நோட்டு அது. அதன் நடுப்பக்கம் ஒன்றில் 121 என்று எழுதி ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறோம். அதனருகே 100 என்ற எண். சில வரிகள் தள்ளி 110. மூன்றும் ஒரே மின்சுற்றில், ஒரே மதியத்தில், நாங்கள் அளந்தவை. எவ்வளவோ மறந்துபோன பின்னும் இந்த மூன்று எண்கள் மட்டும் எங்களுக்கு மறக்கவில்லை.

சோதனை மிக எளிமையானது. ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, பத்து வோல்ட் தரும் பவர் சப்ளை, ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான். மின்தேக்கியை மின்னூட்டம் சேரும் பானை என்று வைத்துக்கொள்ளலாம். மின்தடை அப்பானைக்குள் நீர் இறங்கும் குறுகிய குழாய். பானை முதலில் விரைவாகவும் பின்னர் மேலும் மேலும் மெதுவாகவும் நிரம்பும். அது எட்டவேண்டிய இறுதி மின்னழுத்தத்தில் 63.2 விழுக்காட்டை எட்ட ஆகும் நேரத்துக்குக் கால மாறிலி என்று பெயர். வெறுமையாக்கும்போது தொடக்க அளவில் 36.8 விழுக்காடாகக் குறைவதற்கும் அதே நேரம்தான் ஆகவேண்டும். மின்தடையின் ஓம் அளவையும் மின்தேக்கியின் ஃபாரட் அளவையும் பெருக்கினால் அந்த நேரம் விநாடியில் கிடைத்துவிடும். எங்களுக்குத் தரப்பட்டவை ஒரு மெகா ஓம் மின்தடையும் நூறு மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும். பெருக்கினால் நூறு விநாடி. கணக்குப் போடக் காகிதம்கூட வேண்டாம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். சோதனை தொடங்குமுன்பே முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டு எங்கள் கைக்கு வந்திருந்தது. நிரம்ப 101 விநாடி, வெறுமையாக 99 விநாடி என்று அதில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. ஆக, விடையைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் கேள்வியைக் கேட்கப் போனோம்.

சப்ளையைப் பத்து வோல்ட்டில் நிறுத்தி, மின்தேக்கியின் இரு கால்களிலும் மல்டிமீட்டரை இணைத்து, ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதிக்கொண்டே வந்தோம். பத்து வோல்ட்டின் 63.2 விழுக்காடு 6.32 வோல்ட். அதை எட்ட 121 விநாடி ஆயிற்று. கைப்பிழை என்று நினைத்து மறுபடியும் செய்தோம், 120 வந்தது. பிறகு மின்தேக்கியை நேரடியாகப் பத்து வோல்ட்டுக்கு ஏற்றி, சப்ளையைக் கழற்றி, மின்தடை வழியாக வடியவிட்டோம். 3.68 வோல்ட்டுக்கு இறங்கச் சரியாக 100 விநாடி.

அந்தக் கணத்தில் எங்கள் மனத்தில் ஓடியதை இன்றும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்கிறோம். 100 சரி, 121 தவறு என்று இருவருமே ஒரு வார்த்தை பேசாமல் முடிவு செய்துவிட்டோம். இரண்டையும் அளந்தவை அதே கைகள், அதே மீட்டர், அதே கடிகாரம். ஆயினும் பிடித்தமான எண்ணின் மேல் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. மின்தேக்கியின் மேல் அச்சிட்ட அளவு இருபது விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பாடத்தில் படித்திருந்தோம். அந்தச் சலுகை 121ஐயும் ஏறக்குறைய மன்னித்துவிடும், 100ஐயும் மன்னித்துவிடும். ஆனால் ஒரே மின்தேக்கிக்கு ஒரே மதியத்தில் இரண்டையும் சேர்த்து மன்னிக்க அதனால் முடியாது. எழுதியவை பென்சிலில் இருந்தன. அழிப்பானும் மேசைமேல் இருந்தது.

அழிக்காததற்குக் காரணம் எங்கள் நேர்மை என்று சொன்னால் அது பொய். அட்டவணையின் கடைசி வரிதான் தடுத்தது. நிரம்பும் சோதனையை நிறுத்தாமல் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டிருந்தோம். மின்னழுத்தம் 9.02 வோல்ட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. பத்தை எட்டவே இல்லை. 121ஐ 101 ஆக்க ஓர் எண்ணைத் திருத்தினால் போதாது; அதற்குக் கீழே வந்த அத்தனை வரிகளையும் கற்பனை செய்து எழுதியாக வேண்டும். ஒரு பொய்க்கு நாற்பது பொய் துணை வேண்டியிருந்தது.

அப்போதுதான் பக்கத்து மேசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. டிஜிட்டல் மீட்டர் போதாமையால் அவர்களுக்குப் பழைய முள் மீட்டரைத் தந்திருந்தார்கள். அவர்களுடைய முள் 1.7 வோல்ட்டில் போய் நின்றுவிட்டது. மின்தேக்கி கெட்டுப்போயிற்று என்று எங்களுடையதைக் கேட்டு வாங்கிப் பொருத்தினார்கள். அதுவும் 1.7லேயே நின்றது. எங்கள் மேசையில் ஒன்பதைத் தாண்டிய மின்தேக்கி அவர்கள் மேசையில் இரண்டைத் தாண்டவில்லை. மாறியது மீட்டர் மட்டும்தான்.

ஆசிரியர் வந்து இரண்டு மேசைகளையும் பார்த்தார். விடை சொல்லவில்லை. நாங்கள் வரைந்திருந்த சுற்றுப் படத்தைக் காட்டி, "மீட்டரை ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கீங்க. அந்த வட்டத்துக்குள்ள எத்தனை ஓம் இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

முள் மீட்டரின் முகப்பிலேயே அது அச்சிடப்பட்டிருந்தது: ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம். பத்து வோல்ட் அளவையில் வைத்தால் இரண்டு லட்சம் ஓம். ஒரு மெகா ஓம் குழாய் வழியாக நிரம்பும் பானையில், அதைவிட ஐந்து மடங்கு அகலமான ஓட்டை! பானை எப்படி நிரம்பும்? எங்கள் டிஜிட்டல் மீட்டரில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆகவே மின்தேக்கியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, சப்ளையையும் மின்தடையையும் மீட்டரையும் மட்டும் ஒரே வரிசையில் இணைத்துப் பார்த்தோம். மின்தடையைத் தனியே அளந்தபோது 0.99 மெகா ஓம். மீட்டர் காட்டியது 9.10 வோல்ட். மீட்டருக்குள் பத்து மெகா ஓம் இருந்தால்தான் அந்த எண் வரும். எங்கள் பானையிலும் ஓட்டை இருந்திருக்கிறது, சிறிய ஓட்டை.

உடனே பாதிப் புதிர் அவிழ்ந்தது. நிரம்பும்போது எட்டவேண்டிய இறுதி அளவு பத்தல்ல, 9.02. அதன் 63.2 விழுக்காடு 5.70 வோல்ட். அட்டவணையில் 5.70க்கு நேரே பார்த்தால் 100 விநாடி. 121 எங்கள் அளவீட்டுப் பிழையன்று. தவறான இலக்கை வைத்து நாங்கள் போட்ட கணக்கின் பிழை. இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டன. அதுவும் புத்தகம் சொன்ன எண்ணாகவே.

பெரும்பாலோர் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நாங்களும் மூட்டை கட்டத் தொடங்கினோம். எங்களில் ஒருவருக்குத்தான் அந்த நூறு உறுத்தியது. மீட்டரின் ஓட்டை வழியாகவும் மின்னூட்டம் வடிந்ததென்றால், நாங்கள் அளந்தது மின்தடையும் மின்தேக்கியும் மட்டும் சேர்ந்த சுற்றை அல்ல. மீட்டரும் சேர்ந்த சுற்றை. மீட்டர் இல்லாவிட்டால் நேரம் கூடுதலாகத்தானே இருக்கவேண்டும்? அப்படியானால் எங்கள் நூறு, புத்தகத்தின் நூறு அன்று.

மீட்டர் இல்லாமல் அளப்பது எப்படி? தொடர்ந்து இணைத்து வைக்காமல், வேண்டிய விநாடியில் ஒரே ஒரு முறை தொட்டு எடுப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் மின்தேக்கியைப் புதிதாக ஏற்றி, வடியவிட்டு, குறித்த நேரத்தில் மீட்டரின் முனைகளை இரண்டு விநாடி வைத்துப் படித்துக்கொண்டோம். அந்த இரண்டு விநாடியில் மீட்டர் குடிப்பது மிகச் சொற்பம். முன்பு 120ஆவது விநாடியில் 3.01 வோல்ட் காட்டிய இடத்தில் இப்போது 3.36 வந்தது. நான்கு புள்ளிகளிலிருந்து கணக்கிட்ட கால மாறிலி 110 விநாடி; இரண்டு விநாடி முன்பின் இருக்கலாம். அதே முறையில் கால் மணி நேரம் நிரம்பவிட்டுத் தொட்டுப் பார்த்தபோது 9.9 வோல்ட். சப்ளையோ 10.00இல் நின்றது. மிச்சமிருந்த அந்தச் சிறு குறை மின்தேக்கியின் சொந்தக் கசிவு. மின்பகு வகை மின்தேக்கிகள் எல்லாமே கொஞ்சம் கசியும். கசிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் மின்தேக்கியின் உண்மை அளவு 112 மைக்ரோ ஃபாரட். அச்சிட்ட அளவைவிடப் பன்னிரண்டு விழுக்காடு கூடுதல், அனுமதித்த எல்லைக்குள்.

நடந்தது இதுதான்: மின்தேக்கி தன் பெயரளவைவிடப் பெரியதாக இருந்து நேரத்தைக் கூட்டியது, மீட்டரும் கசிவும் ஏறத்தாழ அதே அளவுக்கு நேரத்தைக் குறைத்தன. எதிரெதிரான இரண்டு விலகல்கள் ஒன்றையொன்று தின்று தீர்த்து, எங்களுக்கு அழகான நூறைப் பரிசளித்தன. புத்தகத்தோடு பொருந்திய எண் தற்செயல். புத்தகத்திலிருந்து விலகிய எண்தான் அந்த மின்தேக்கியைப் பற்றிய உண்மை.

பக்கத்து மேசைக்காரர்கள் ஏமாற வழியே இருக்கவில்லை. 1.7 வோல்ட்டைப் பார்த்து யாரும் சரி என்று எழுதமாட்டார்கள். ஒன்பதில் ஒளிந்துகொண்ட பிழைதான் ஆபத்தானது. இதன் பெரிய வடிவம் ஒன்றைப் பின்னாளில் ஃபெயின்மனின் 1974ஆம் ஆண்டு உரையில் படித்தோம். மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த எலெக்ட்ரானின் மின்னூட்டம், காற்றின் பாகுநிலைக்குப் பிழையான மதிப்பைப் பயன்படுத்தியதால் சற்றே குறைவாக இருந்தது. பின்னால் அளந்தவர்களின் எண்கள் ஒரே தாவலில் சரியான மதிப்புக்குப் போகாமல் படிப்படியாகவே ஏறின. மில்லிகனுடையதைவிட மிகவும் அதிகமாக வந்தால் பிழை எங்கே என்று தேடினார்களாம். அருகில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லையாம். எங்கள் அழிப்பானும் 121இன் அருகில்தானே கிடந்தது, 100இன் அருகில் அல்லவே.

ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுவது என்று அன்று மாலை வெகுநேரம் பேசினோம். செய்முறைத் தேர்வுக்கு அந்த நோட்டின் மதிப்பெண்ணும் சேரும். விளக்கம் கேட்க நேரமில்லாத புறத்தேர்வாளர் 110ஐப் பார்த்தால் பத்து விழுக்காடு பிழை என்று சிவப்பு மையில் எழுதிவிடக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. இறுதியில் மூன்றையும் எழுதினோம். மீட்டர் இணைந்த நிலையில் 100. தொட்டு எடுத்த முறையில் 110, இரண்டு விநாடி முன்பின். இறுதி மின்னழுத்தங்கள் முறையே 9.02, 9.9. சுற்றுப் படத்தில் மீட்டரின் வட்டத்துக்குப் பக்கத்தில் பத்து மெகா ஓம் மின்தடை ஒன்றையும் வரைந்து சேர்த்தோம். 121ஐ அழிக்காமல், படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, இறுதி அளவைப் பத்து வோல்ட் எனக் கொண்டதால் வந்தது என்று குறித்தோம்.

ஆசிரியர் கையொப்பமிடுமுன் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பாராட்டவில்லை. "கசிவு நேரம் போகப்போகக் குறையும். நாளைக்கு அளந்தா 9.9 வராது, கொஞ்சம் கூடத்தான் வரும். தேதியும் நேரமும் போட்டீங்களா?" என்றார். போட்டிருக்கவில்லை. போட்டுக் காட்டினோம், கையொப்பமிட்டார்.

பெட்டியிலிருந்து எடுத்த நோட்டில் பென்சில் எழுத்து மங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஒற்றைக் கோட்டுக்கு அடியில் 121ஐ இன்னும் படிக்க முடிகிறது.