வுல்ஃப் தம்பதியைச் சேர்த்து வைத்த கதை

எங்கட கட்டுரைத் தொகுப்பின் முதல் புரூஃப் கையில் கிடைத்தபோது லெனாட்டும் வெர்ஜீனியாவும் பிரிந்து போயிருந்தார்கள். நாலாவது கட்டுரையில் அவர் 'லெனாட் வுல்ப்'. ஏழாவது கட்டுரையில் அவ 'வெர்ஜீனியா வூல்ஃப்'. இரண்டு கட்டுரைகளையும் எழுதினது வெவ்வேறு ஆட்கள், ஒருத்தர் எழுதினதை மற்றவர் பார்க்கேல்லை. வாசித்துப் பார்க்கக் குடுத்த முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி, "அக்கா, இவர் அவவின்ர மனிசன் எண்டு எனக்குக் கடைசி மட்டும் விளங்கேல்லை" எண்டு சொன்னா. அதுக்குப் பிறகுதான் நாங்கள் ஐந்து பேரும் பேர்ப்பட்டியல் ஒன்று போடுவம் என்று உட்கார்ந்தோம்.

நாலாவது கட்டுரை 1904 முதல் 1911 வரை இலங்கையில் சிவில் சேவையில் இருந்த அந்த மனிசனைப் பற்றியது. யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வேலை பார்த்து, அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து, பிறகு 1913இல் அந்தப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றை வைத்து நாவல் எழுதினவர். அந்த நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக எடுத்தார். படத்தில் வுல்ஃப் ஆக நடித்தது அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். இந்த ஒரு பந்திக்குள்ளேயே மூன்று ஆங்கிலப் பேர். மூன்றும் கட்டுரைக்குள் இரண்டு மூன்று வடிவத்தில் கிடந்தன: லெஸ்ரர், லெஸ்டர், ஆதர், ஆர்தர், கிளாக், கிளார்க்.

ஆரையும் குறை சொல்ல ஏலாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. எங்கட பழைய பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும் பிரித்தானிய உச்சரிப்பைக் காதால் கேட்டு எழுதினவை. அதனால்தான் ரொபேட், ஆதர், ஜோன், டொக்டர். தமிழ்நாட்டு நூல்களில் அதே ஆட்கள் ராபர்ட், ஆர்தர், ஜான், டாக்டர் ஆகிவிடுவார்கள். நாங்கள் வாசிக்கிற மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு சென்னையில் அச்சானது. ஆகவே எங்கட கையில் இரண்டும் கலந்து வருது. ஒரே ஆள் முதல் பக்கத்தில் 'ஜோன்' என்றும் ஐந்தாம் பக்கத்தில் 'ஜான்' என்றும் எழுதுவார், தனக்கே தெரியாமல்.

உயிரெழுத்தில் எங்களுக்குள் சண்டை வரேல்லை. ஒகரம் எங்கட வழக்கு, அது நிக்கட்டும் என்று ஐந்து பேரும் ஒத்துக்கொண்டம். சண்டை வந்தது 'ரீ' எழுத்தில்.

ஆங்கிலத்தில் 'ரீ' சொல்லேக்க நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள முரசில் முட்டும். 'ட' சொல்லேக்க அது இன்னும் மேலே வளைந்து போகும். யாழ்ப்பாணத்தில் 'வெற்றி', 'காற்று' என்று சொல்லும்போது வரும் ற்ற ஒலி அந்த முரசிலேயே பிறக்குது. அதனால் பற்றரி, சிகரெற் என்று எழுதின ஆட்கள் காது கூர்மையானவர்கள். சிக்கல் என்னவெண்டால், தமிழ்ச் சொல் ற-வில் தொடங்காது. எனவே சொல்லின் முதலில் ர போட்டார்கள்: ரயர், ரிக்கெற், ரொரன்ரோ. பழகின சொல்லில் அது ஒருத்தரையும் குழப்பாது. ஆனால் ஆட்பேரில்?

எங்கட தொகுப்பில் இரண்டு 'ரொனி' இருந்தார்கள். ஒருவர் 1977இல் நிதியமைச்சரான ரொனி டி மெல். மற்றவர் பிரித்தானியப் பிரதமராக இருந்த ரொனி பிளேயர். முதலாமவரின் பேர் ஆங்கிலத்தில் உண்மையாகவே ர-வில் தொடங்குது. இரண்டாமவரின் பேர் 'ரீ'யில். தெரிந்த ஆட்கள் என்றபடியால் வாசகர் சமாளிப்பார். தெரியாத ஒரு ஆய்வாளரின் பேரைத் தமிழில் வாசித்துவிட்டு நூலகத்தில் தேடப் போற மாணவருக்கு எந்த எழுத்தில் தேடுறது என்றே தெரியாது. 'ஸ்ரீபன்' இதைவிட மோசம். எழுதினவர் நினைத்தது ஸ், அதுக்குப் பிறகு ரீ. கணினி இரண்டையும் ஒட்டி, சாமிப் பேருக்கு முன்னால் போடுற 'ஸ்ரீ' ஆக்கிவிடும். ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவர் புரூஃபில் திருநீறு பூசினது மாதிரி நிண்டார்.

அதனால் ஆட்பேரின் முதலிலும் ஸ்-க்குப் பிறகும் 'ட' என்று முடிவு செய்தம்: டொனி பிளேயர், ஸ்டீபன், லெஸ்டர். ஒருவருக்கு இதில் மனவருத்தம். "பிறகு என்ன, முழுக்கச் சென்னைத் தமிழிலேயே எழுதுவம்" எண்டு கோவிச்சுக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் பொதுச்சொற்களில் கை வைக்கேல்லை. ரயர் ரயராகவே இருக்கு. ரொரன்ரோவும் அப்படியே. அங்க இருக்கிற எங்கட சனம் தங்கட பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுது.

அந்த ரொரன்ரோதான் எங்களுக்கு அடுத்த விதியைத் தந்தது. யாழ்ப்பாணக் காதை வைத்து ஒருவர் 'ஹற்றன்' என்று எழுதியிருந்தார். எங்களில் ஒருத்தி மலையகம். "எங்கட ஊர் ஹட்டன். பஸ் போர்ட்டிலயும் அதுதான், எங்கட அம்மா எழுதுறதும் அதுதான்" எண்டா. அதோட அந்த விவாதம் முடிஞ்சுது. ஊர்ப்பேர் என்றால் அந்த ஊர்க்காரர் தமிழில் எப்படி எழுதுகினம் என்று முதலில் பார்க்கிறது. இல்லாவிட்டால் மட்டும் ஒலி. இதை முதலே செய்திருந்தால், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கட்டுரையில் 'டெல்ஃப்ட் தீவு' வந்திருக்காது. அது நெடுந்தீவு. ஒல்லாந்து நகரம் வேணுமென்றால் டெல்ஃப்ட் ஆக இருக்கட்டும். ஆட்பேரிலும் இதே பொறி உண்டு. மானிடவியலாளர் தம்பையா ஆங்கிலப் புத்தக அட்டை வழியாக வந்தபடியால் எங்கட புரூஃபில் 'டம்பையா' ஆகியிருந்தார்.

பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் ஆங்கில வடிவம், நாங்கள் எடுத்த தமிழ் வடிவம், தொகுப்பில் கண்ட மற்ற வடிவங்கள் எல்லாம் இருந்தன. பிறகு கணினியில் தேடி மாற்றத் தொடங்கினம். 'வுல்ப்' என்று தேடினால் 'வுல்பின்', 'வுல்புக்கு' இரண்டும் வரேல்லை. வேற்றுமை உருபு சேர்ந்ததும் கடைசிப் புள்ளி போய்விடுது. புள்ளியை விட்டுவிட்டுத் தேடினதும் எல்லாம் வந்தன. 'வூல்ஃப்' உம் அப்படியே, ஏனெண்டால் ஆங்கிலத்தில் அந்த உகரம் குறில்தான். இரண்டு பேரையும் 'வுல்ஃப்' ஆக்கினம்.

அந்தச் சந்தோசத்தில் 'ரொம்' எல்லாத்தையும் ஒரே அமுக்கில் 'டொம்' ஆக்கிப்போட்டம். இரண்டு நாள் கழித்து ஒரு தமிழ்நாட்டு நாவலின் விமர்சனத்தில், கதாநாயகி தன் அம்மாவிடம் "டொம்ப கஷ்டமா இருக்கு" என்று அழுது கொண்டிருந்தா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் மாற்றினம். மூன்று இரவு போச்சுது.

புத்தகம் வந்திட்டுது. தம்பதி உள்ளே ஒரே பேரோட இருக்கினம். நாப்பத்தோராம் பக்கத்துப் படத்தின் கீழே மட்டும் இன்னும் 'லெனாட் வுல்ப்'. அந்த வரியைப் படத்தோட சேர்த்து வடிவமைச்சிருந்தபடியால் எங்கட தேடலுக்கு அது எழுத்தாகவே தெரியேல்லை.